நாலு நாட்டில் சொந்தங்கள், காட்பாடியில் ஆயா: குடும்பச் சந்திப்புக்கு நாளும் நேரமும் குறிக்கும் முழுமையான வழிகாட்டி

வேலூர்ப் பக்கத்தில் இன்று பிள்ளைகளில் ஒருவராவது வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. பெரியவர்களுக்கு 70, 80 வயது நிறையும்போது ஊரில் இருப்பவர்கள் நேரிலும் மற்றவர்கள் வீடியோ அழைப்பிலும் சேர்ந்துகொள்கிறார்கள். எல்லாருக்கும் பொருந்தும் ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிப்பதுதான் இதில் கடினமான வேலை. குழுவில் ஐம்பது செய்திகள் ஓடிய பிறகும் நேரம் முடிவாகாமல் நிற்பதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வேலையை வரிசை மாற்றிச் செய்வதுதான் காரணம்.

வழிகாட்டி முழுவதும் ஒரே குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆயாவும் பெரியப்பா குடும்பமும் காட்பாடியில் இருக்கிறார்கள். அத்தை துபாயில், சித்தப்பா நியூ ஜெர்சியில், மாமா மெல்போர்னில், பேத்தி கலிபோர்னியாவின் சான் ஹோசேயில். ஆயாவுக்கு 80 நிறைகிறது. 2026 நவம்பரில் ஒரு நாள் எல்லாரும் சேர வேண்டும்.

## 1. நேரம் கேட்பதற்கு முன் சேகரிக்க வேண்டியவை

குழுவில் "எல்லாருக்கும் எப்போ வசதி?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒவ்வொருவரும் தங்கள் ஊர் நேரத்தில் பதில் சொல்வார்கள். "சனிக்கிழமை சாயந்திரம் ஓகே" என்று சித்தப்பா சொல்வதும் மாமா சொல்வதும் ஒரே நேரம் இல்லை. பதில்கள் வந்து குவிந்த பிறகு யாரும் பிரித்துப் பார்க்க முடியாது.

முதலில் தனித்தனியாகப் பேசி, ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்.

ஒன்று, ஊர். நாட்டின் பெயர் போதாது. "அமெரிக்கா" என்று எழுதினால் நியூ ஜெர்சிக்கும் சான் ஹோசேவுக்கும் இடையில் இருக்கும் மூன்று மணி நேரம் காணாமல் போய்விடும். ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். மெல்போர்னில் கோடைக்கு ஒரு மணி நேரம் கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், பிரிஸ்பேனில் தள்ளுவதில்லை. அன்றைக்கு அவர்கள் உண்மையில் எந்த ஊரில் இருப்பார்கள் என்பதையும் கேளுங்கள். வேலை விஷயமாக வேறு ஊரில் இருக்கலாம்.

இரண்டு, அவர்கள் ஊர்க் கடிகாரப்படி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை சிரமமில்லாமல் பேச முடியும். பொதுவாக ஏழு மணிக்கு எழுந்து பத்து மணிக்குப் படுப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சின்னக் குழந்தை இருக்கிற வீடு, இரவுப் பணியில் இருக்கிற நர்ஸ், ஷிஃப்ட் வேலை ஆகியவற்றைத் தனியாகக் குறியுங்கள். இரவுப் பணி முடிந்து வருகிறவருக்குக் காலை பத்து மணி நடு இரவு மாதிரி.

மூன்று, நகர்த்தவே முடியாத நாட்கள். பரீட்சை, பயணம், அந்த வாரம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கல்யாணம்.

இத்தோடு, கடைசியில் முடிவு சொல்லப்போவது யார் என்பதையும் பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவர் இல்லாவிட்டால் முடிவான நேரத்தை யாராவது மறுநாள் மறுபடி கிளப்புவார்கள்.

## 2. யாருக்காக நேரம் வளையும் என்று முடிவு செய்யுங்கள்

ஆயாவின் நேரம் வளையாது. 80 வயதில் எட்டு மணிக்குப் படுத்துவிடுபவரை இரவு பத்து மணி வரை உட்கார வைத்தால் அழைப்பு முழுக்க அவர் கண்ணயர்ந்திருப்பார். மாத்திரை, சாப்பாடு, மதியத் தூக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் தெளிவாக இருக்கும் நேரத்தைப் பெரியம்மாவிடம் கேளுங்கள். கூடவே இருப்பவருக்குத்தான் அது தெரியும். நம் ஆயாவுக்குக் காலை ஆறு முதல் பன்னிரண்டு வரையும், மாலை நான்கு முதல் எட்டு வரையும் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, கட்டாயம் இருக்க வேண்டியவர்கள் யார் என்று குறியுங்கள். நம் வீட்டில் பெரியப்பா, அத்தை, சித்தப்பா, மாமா என்று நால்வர், வளர்த்த பேத்தி ஒருத்தி. மருமக்களும் மற்ற பேரப்பிள்ளைகளும் வந்தால் சந்தோஷம், அவர்களுக்காக நேரத்தைப் பூட்டி வைக்க முடியாது. இதை வெளியே அறிவிக்கத் தேவையில்லை. கணக்குப் போடுகிற உங்களுக்குத் தெரிந்தால் போதும். இந்தப் பட்டியல் இல்லாமல் இருபது பேரின் வசதியையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் எந்த நேரமும் தேறாது.

## 3. எல்லா நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்

இதுதான் வேலையின் மையம். ஒவ்வொருவரின் விழித்திருக்கும் நேரத்தையும் காட்பாடிக் கடிகாரத்துக்கு மாற்றி, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுத வேண்டும். ஒரே கடிகாரத்தில் எழுதினால்தான் எங்கே ஒட்டுகிறது, எங்கே முட்டுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

நவம்பர் நடுவில் இருக்கும் வித்தியாசம் இது. துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். மெல்போர்ன் ஐந்தரை மணி முன்னால். நியூ ஜெர்சி பத்தரை மணி பின்னால். சான் ஹோசே பதின்மூன்றரை மணி பின்னால்.

அமெரிக்க நேரத்தை மனக்கணக்காகப் போட ஒரு சுருக்கு வழி உண்டு. குளிர்காலத்தில் இந்திய நேரத்தோடு ஒன்றரை மணியைக் கூட்டி, காலையை முந்தின நாள் இரவாக்கினால் நியூ ஜெர்சி நேரம் வந்துவிடும். இங்கே ஞாயிறு காலை 8 என்றால் அங்கே சனி இரவு 9.30. கலிபோர்னியாவுக்கு ஒன்றரை மணியைக் கழித்து அதேபோல் புரட்டுங்கள். காலை 8 என்றால் சனி மாலை 6.30.

ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டு, காலை ஏழு முதல் இரவு பத்து வரை என்ற வழக்கமான விழிப்பு நேரத்தை எல்லாருக்கும் மாற்றிப் பார்ப்போம்.

| ஊர் | அவர்கள் நாள் | இந்திய நேரத்தில் |
|---|---|---|
| துபாய் | ஞாயிறு | ஞாயிறு காலை 8.30 முதல் இரவு 11.30 வரை |
| மெல்போர்ன் | ஞாயிறு | சனி நள்ளிரவு தாண்டி 1.30 முதல் ஞாயிறு மாலை 4.30 வரை |
| நியூ ஜெர்சி | சனி | சனி மாலை 5.30 முதல் ஞாயிறு காலை 8.30 வரை |
| சான் ஹோசே | சனி | சனி இரவு 8.30 முதல் ஞாயிறு பகல் 11.30 வரை |

இனிப் பார்க்க வேண்டியது இரண்டே எண்கள். யாருடைய நேரம் கடைசியாகத் தொடங்குகிறது? துபாய், 8.30. யாருடைய நேரம் முதலில் முடிகிறது? நியூ ஜெர்சி, அதே 8.30. அத்தை எழும் நிமிடத்தில் சித்தப்பா படுக்கப் போகிறார். பொது நேரம் சுத்தமாகப் பூஜ்யம்.

புதிதாகச் செய்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மெல்போர்னும் கலிபோர்னியாவும்தான் ஒன்றுக்கொன்று தூரம், அங்கேதான் சிக்கல் என்று நினைத்து மாமாவிடமும் பேத்தியிடமும் மாற்றி மாற்றிக் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் இருவருக்கும் ஞாயிறு காலை முழுக்கப் பிரச்சினையே இல்லை. மெல்போர்னில் அது மதியம், சான் ஹோசேயில் முன்னிரவு. இடுக்கு இருப்பது துபாய்க்கும் நியூ ஜெர்சிக்கும் நடுவில். இதைக் கண்டுபிடித்துவிட்டால் இரண்டே பேரிடம் பேசினால் போதும்.

அத்தை அரை மணி முன்னதாக, துபாய் நேரம் 6.30க்கு எழ வேண்டும். அது இந்தியாவில் காலை 8. சித்தப்பா அரை மணி கூடுதலாக, இரவு 10.30 வரை விழித்திருக்க வேண்டும். அது இந்தியாவில் காலை 9. எட்டிலிருந்து ஒன்பது வரை ஒரு முழு மணி நேரம் கிடைத்துவிட்டது. ஆயாவுக்கும் அது தெளிவான நேரம். இருவரும் ஆளுக்கு அரை மணி விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், யாரும் மனத்தாங்கல் கொள்ள வழியில்லை.

மாலை நேரத்தையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். "சாயந்திரம் வச்சா என்ன?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். ஊரில் ஞாயிறு மாலை 6.30 என்றால் மெல்போர்னில் நள்ளிரவு 12, சான் ஹோசேயில் விடிகாலை 5. கணக்கைக் காட்டினால் பேச்சு அதோடு நிற்கும்.

## 4. கடிகாரம் மாறும் தேதிகளைப் பாருங்கள்

தவறான நேரத்தில் ஆட்கள் வந்து நிற்பதற்கு நான் பார்த்தவரை பெரும்பாலும் இதுதான் காரணம்.

இந்தியா, துபாய், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம். அமெரிக்காவின் பெரும்பகுதி, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு ஆகிய இடங்களில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள். எல்லாரும் ஒரே நாளில் மாற்றுவதும் இல்லை. 2026இன் பிற்பாதியில் மெல்போர்ன் அக்டோபர் 4ஆம் தேதி ஒரு மணி முன்னே போகிறது. லண்டன் அக்டோபர் 25ஆம் தேதி ஒரு மணி பின்னே வருகிறது. அமெரிக்கா நவம்பர் 1ஆம் தேதி பின்னே வருகிறது. ஆக, அக்டோபர் முழுவதும் யாருக்கும் யாருக்கும் எத்தனை மணி வித்தியாசம் என்பது மாறிக்கொண்டே இருக்கும்.

நம் குடும்பத்தில் இது எப்படிக் கடிக்கும் என்று பாருங்கள். செப்டம்பர் கடைசியில் உட்கார்ந்து திட்டமிடுகிறீர்கள். போனில் உலகக் கடிகாரத்தைப் பார்த்தால் நியூ ஜெர்சி ஒன்பதரை மணி பின்னால் என்று காட்டும். அந்தக் கணக்கில் காலை 8 என்பதை இரவு 10.30 என்று சித்தப்பாவுக்கு எழுதிவிடுவீர்கள். நவம்பர் 14 இரவு அவர் அங்கே 10.30க்கு வந்து நிற்கும்போது இங்கே காலை 9 ஆகியிருக்கும், கேக் வெட்டி முடிந்திருக்கும். மெல்போர்னுக்கு நேர்மாறாக நடக்கும். செப்டம்பர் கணக்குப்படி மாமாவுக்கு மதியம் 12.30 என்று எழுதுவீர்கள். உண்மையில் அது 1.30. அவர் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால் இன்றைய வித்தியாசத்தைப் பார்க்கக் கூடாது, நிகழ்ச்சி நாளின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். உலகக் கடிகாரம் இந்த நிமிடத்தை மட்டும்தான் காட்டும். தேதியைக் கொடுத்துக் கேட்கக்கூடிய நேரமாற்றிப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள், அல்லது காலண்டர் செயலியில் அந்தத் தேதியில் ஒரு நிகழ்ச்சியைப் போட்டு, நேர மண்டலத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். அவை அன்றைய விதியை எடுத்துக்கொண்டு கணக்குப் போடும்.

கடிகாரம் மாறுகிற அதே வார இறுதியை முடிந்தவரை விட்டுவிடுங்கள். நவம்பர் 1 ஞாயிறு காலை 8 மணிக்கு வைத்தால் நியூ ஜெர்சியில் அது சனி இரவு 10.30. கடிகாரம் மாறுவதற்குச் சில மணி நேரம் முன்னால். கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் "இன்னைக்குத்தானே நேரம் மாறுது" என்ற நினைப்பில் அவர்களே ஒரு மணியைக் கூட்டியோ கழித்தோ குழம்புவார்கள்.

கடிகார மாற்றத்தால் நமக்கு ஒரு லாபமும் உண்டு. நம் குடும்பத்தின் இடுக்கு நியூ ஜெர்சியின் படுக்கும் நேரம். கோடைக்காலத்தில் அங்கே இரவு 10 என்பது இங்கே காலை 7.30. அப்போது துபாயோடு ஒரு மணி நேரம் இடைவெளி விழும். நவம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு, மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை, அந்த இடைவெளி மூடிக்கொள்கிறது. நாளைக் கொஞ்சம் தள்ள முடியுமென்றால் இந்தப் பருவத்துக்குள் தள்ளுவது புத்திசாலித்தனம்.

## 5. நாளைக் குறியுங்கள்

நேரம் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்த பிறகே நாளுக்கு வர வேண்டும். நாளை முதலில் முடிவு செய்துவிட்டால் அன்றைக்கு நேரமே இல்லை என்பது பிறகுதான் தெரியவரும்.

எந்தக் கிழமை என்பதை இரண்டு பக்கமும் பாருங்கள். ஊரில் ஞாயிறு காலை என்றால் அமெரிக்காவில் சனி இரவு, மறுநாள் விடுமுறை, கொஞ்சம் விழித்திருக்கலாம். ஊரில் சனி காலை என்றால் அங்கே வெள்ளி இரவு, அதுவும் பரவாயில்லை. ஆனால் இங்கே பலருக்குச் சனிக்கிழமை வேலை உண்டு, மாதாந்திர பராமரிப்பு மின்தடையும் சனிக்கிழமைகளில் வருவதுண்டு. ஊரில் திங்கள் காலை என்ற பேச்சே வேண்டாம். வளைகுடாவில் யாராவது இருந்தால் நாட்டைக் கேளுங்கள். துபாய் இருக்கும் அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறை. சவூதி, குவைத், கத்தாரில் வெள்ளி, சனி விடுமுறை, ஞாயிறு வேலை நாள்.

பிறந்தநாள் எது என்பதில் வீட்டில் இரண்டு பேச்சு இருக்கும். நட்சத்திரப்படி வருவது ஒரு நாள், சான்றிதழில் இருப்பது இன்னொரு நாள். இரண்டும் வார நடுவில் விழ வாய்ப்பு அதிகம். இதற்கு நான் சொல்வது, நட்சத்திரத்தன்று ஊரில் இருப்பவர்கள் ஆயாவைக் கோவிலுக்கு அழைத்துப் போய் அர்ச்சனை செய்துவிடுங்கள், எல்லாரும் சேரும் சந்திப்பை அதை அடுத்த ஞாயிறுக்கு வையுங்கள். சடங்குக்கு ஒரு நாள், சேர்க்கைக்கு ஒரு நாள் என்று பிரித்துவிட்டால் பெரியவர்கள் மனமும் நிறையும், வெளிநாட்டில் இருப்பவர்களும் விடுப்பு எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஊர்ப் பக்கத்துக் காரணங்கள். முகூர்த்த நாளில் வருகிற ஞாயிறு காலையை நம்பாதீர்கள். ஏழரைக்கு முகூர்த்தம் என்றால் காட்பாடியில் இருக்கிற பாதிச் சொந்தம் எட்டு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும். காலண்டரில் முகூர்த்தக் குறி இருக்கிறதா என்று பார்ப்பது இங்கே ஒரு கட்டாய வேலை. குடியாத்தத்தில் சொந்தம் இருந்தால் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, மே நடுவில் வரும். அன்றைக்கு அவர்களை வீடியோவில் பிடிக்க முடியாது.

ராகு காலம் பற்றிய கேள்வியும் வரும். ஞாயிறு ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை, எமகண்டம் பகல் 12 முதல் 1.30 வரை. காலை 8க்கு இரண்டுமே இல்லை. சனிக்கிழமை என்றால் காலை 9 முதல் 10.30 வரை ராகு காலம், எட்டரைக்குத் தொடங்கினால்கூட அதில் இடிக்கும். "எங்க ஊர்ல இப்போ ராகு காலம்" என்று நியூ ஜெர்சியிலிருந்து குரல் வந்தால், விளக்கு எங்கே ஏற்றுகிறோமோ அந்த ஊர்க் கணக்கு என்று முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள். ராகு காலம் என்பது அந்தந்த ஊரின் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்து எடுப்பது. ஆகவே ஊருக்கு ஊர் வேறு நேரத்தில்தான் வரும். ஐந்து ஊர்க் கணக்கையும் பார்த்தால் ஆண்டு முழுக்கத் தேடினாலும் நேரம் அமைவது கடினம்.

நம் குடும்பத்துக்கு நவம்பரில் முதல் மூன்று ஞாயிறுகளை எடுத்துப் பார்ப்போம். 1ஆம் தேதி, அமெரிக்கக் கடிகாரம் மாறும் நாள். 8ஆம் தேதி தீபாவளி. காலையில் எண்ணெய்க் குளியல், பலகாரம், வாசலுக்கு வருகிற சொந்தம் என்று வீடே நிற்காது. ஆயாவுக்கும் அன்று களைப்பாக இருக்கும். 15ஆம் தேதி கந்த சஷ்டி சூரசம்ஹாரம். விரதம் இருப்பவர்கள் முருகன் கோவிலுக்குப் போவது மாலையில், காலை எட்டு மணிக்கு இடைஞ்சல் இல்லை. விரதக்காரர்கள் கேக் சாப்பிட மாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 15ஆம் தேதியை எடுக்கலாம். விரதம் வீட்டில் பெரிய விஷயம் என்றால் 22ஆம் தேதியை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள், நேரக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

## 6. இரண்டு தெரிவுகள் மட்டும் கொடுங்கள்

இப்போதுதான் குழுவில் கேட்க வேண்டும். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் 15, 22 என்ற இரண்டு தேதிகளை மட்டும் போடுங்கள். நேரத்தைக் கேட்காதீர்கள், அது கணக்கில் முடிந்துவிட்டது. நான்கு தெரிவுக்கு மேல் போட்டால் வாக்கு சிதறி எதுவும் முடிவாகாது. எப்போது வரை பதில் சொல்லலாம் என்று ஒரு கடைசி நாளும் எழுதுங்கள்.

குழுவுக்கு முன்னால் அத்தையிடமும் சித்தப்பாவிடமும் தனியாகப் போன் செய்து பேசிவிடுங்கள். "அத்தே, நீங்க ஆறரைக்கு எழுந்தா சித்தப்பா பத்தரைக்குள்ள படுத்துடலாம்" என்று சொன்னால் அத்தை மறுக்க மாட்டார். அதையே குழுவில் எல்லார் முன்னாலும் கேட்டால் கட்டாயப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும்.

## 7. அறிவிப்பை அவரவர் ஊர் நேரத்தில் எழுதுங்கள்

"ஞாயிறு காலை 8 இந்திய நேரம்" என்று மட்டும் எழுதினால் ஒவ்வொருவரும் சொந்தமாகக் கணக்குப் போடுவார்கள், யாராவது ஒருவர் தப்பாகப் போடுவார். கிழமை, தேதி, காலை அல்லது இரவு என்பதோடு ஊர் ஊராக எழுதுங்கள்.

> ஆயா 80 சந்திப்பு
> காட்பாடி: ஞாயிறு, நவம்பர் 15, காலை 8.00
> துபாய்: ஞாயிறு, நவம்பர் 15, காலை 6.30
> மெல்போர்ன்: ஞாயிறு, நவம்பர் 15, மதியம் 1.30
> நியூ ஜெர்சி: சனி, நவம்பர் 14, இரவு 9.30
> சான் ஹோசே: சனி, நவம்பர் 14, மாலை 6.30

அமெரிக்க வரிகளில் கிழமை வேறாக இருப்பதால் அதைத் தடித்த எழுத்தில் போடுவது அவசியம். வாட்ஸ்அப்பில் சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டால் தடித்துவிடும். "15ஆம் தேதி" என்று மட்டும் மனதில் பதிந்த பேத்தி ஞாயிறு மாலை 6.30க்கு வந்து உட்காருவாள், அப்போது இங்கே திங்கள் காலை.

மூன்றெழுத்துச் சுருக்கங்களைத் தவிருங்கள். IST என்பது இந்திய நேரத்துக்கு மட்டுமல்ல, அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் அதே எழுத்துதான். EST, EDT இரண்டையும் அமெரிக்காவில் இருப்பவர்களே மாற்றி எழுதுகிறார்கள். "நியூ ஜெர்சி நேரம்" என்று எழுதினால் சண்டை இல்லை. "12 மணி" என்றும் எழுதாதீர்கள், நண்பகலா நள்ளிரவா என்ற சந்தேகம் வரும்.

காலண்டர் அழைப்பும் அனுப்பினால் நல்லது. நிகழ்ச்சியை உருவாக்கும்போது நேர மண்டலம் `Asia/Kolkata` என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் ஒவ்வொருவர் போனிலும் தானாக அவரவர் ஊர் நேரம் காட்டும். அனுப்பிய பிறகு ஊருக்கு ஒருவரிடம் "உன் போனில் என்ன கிழமை, எத்தனை மணி காட்டுது?" என்று கேளுங்கள். அவர் சொல்வது அறிவிப்பில் இருப்பதோடு ஒத்துப்போனால் கணக்கு சரி. இந்த ஒரு கேள்வி மேலே சொன்ன எல்லாத் தவறையும் பிடித்துவிடும்.

## 8. அந்த ஒரு மணி நேரத்துக்குள் வரிசை

எட்டு முதல் ஒன்பது வரைதான் கையில் இருக்கிறது. இலவச கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடத்தில் அழைப்பு முடியும், இலவச ஜூமில் 40 நிமிடம். அதனால் இணைப்பை மிகவும் முன்னதாகத் திறந்து நேரத்தைக் கரைக்காதீர்கள். ஐந்து நிமிடம் முன்னால் போதும். ஒலி, திரை எல்லாவற்றையும் முந்தின நாள் தனி அழைப்பில் சரிபார்த்துவிடுங்கள்.

விளக்கு, கேக், ஆசீர்வாதம் மூன்றையும் முதல் இருபது நிமிடத்துக்குள் வையுங்கள். ஆயாவும் தெளிவாக இருப்பார், நியூ ஜெர்சிக் குழந்தைகளும் தூங்கியிருக்க மாட்டார்கள். பேச்சும் பழைய கதையும் அதன் பிறகு. முதலில் பேச வேண்டியவர் சித்தப்பா குடும்பம், அவர்களுக்குத்தான் இரவு ஏறிக்கொண்டிருக்கிறது. மதியத்தில் இருக்கும் மெல்போர்ன் மாமா கடைசியில் பேசலாம்.

## 9. எந்த நேரமும் ஒட்டாவிட்டால்

இதே குடும்பத்தில் லண்டனில் ஒரு சித்தி இருப்பதாக வையுங்கள். நவம்பரில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி பின்னால். காட்பாடியில் காலை 8 என்றால் அங்கே அதிகாலை 2.30. காட்பாடியோடு லண்டன், மெல்போர்ன், கலிபோர்னியா மூன்றும் ஒரே குடும்பத்தில் இருந்தால் யாரும் தூக்கம் கெடாத ஒரு நேரம் கிடையாது. அதைத் தேடி மாதக்கணக்கில் இழுக்காமல் இரண்டு அமர்வாக வைத்துவிடுங்கள்.

முந்தின நாள், சனி 14 மாலை 6.30க்கு இரண்டாவது அமர்வை வைக்கலாம். லண்டனில் மதியம் 1, துபாயில் மாலை 5, நியூ ஜெர்சியில் காலை 8. யாருக்கும் கஷ்டமில்லை, ராகு காலமும் இல்லை. துபாய் அத்தை இரண்டிலும் இருக்க முடிந்தால் இருக்கட்டும், அங்கே நடந்ததை இங்கே சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

சித்திக்கு மிச்சம் மீதி கொடுப்பது போல் அது அமைந்துவிடக் கூடாது. ஞாயிறு வெட்டப்போகும் கேக்கைச் சனிக்கிழமையும் ஒப்புக்கு வெட்டாமல், அந்த அமர்வுக்கென்று ஒரு காரியத்தை ஒதுக்குங்கள். சித்தி அனுப்பிய புடவையை ஆயா அன்று மாலை அவர் கண் முன்னால் கட்டிக்கொண்டு உட்காரலாம், லண்டன் பேரப்பிள்ளைகள் முதல் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்ளலாம். அறிவிப்பிலும் இரண்டு அமர்வையும் ஒரே செய்தியில் சேர்த்து எழுதாதீர்கள். தனித்தனியாக, அந்தந்த அமர்வில் வருகிற ஊர்களின் நேரத்தை மட்டும் போட்டு அனுப்புங்கள்.